ஒரே தோட்டம், மூன்று சிலந்திகள், மூன்று பிழைப்பு

"சார், காவேரிப்பட்டணம் பக்கம் எங்க மாந்தோப்புல மரத்துக்கு மரம் நடுவுல வட்டமா வலை கட்டியிருக்கு. வரப்புப் புல்லுல புனல் மாதிரி ஒரு வலை. வீட்டுச் சுவத்துல இருக்கறது வலையே கட்டாம குதிச்சுக் குதிச்சுப் பூச்சி பிடிக்குது. எல்லாம் எட்டுக்கால் பூச்சிதானே, ஏன் ஆளுக்கு ஒரு விதம்? அந்த நூல் எங்கிருந்துதான் வருது?"

முதலில் நூலைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் வலை தானாகப் புரியும்.

நம் பக்கம் பட்டு என்றாலே மல்பெரிப் பட்டுப்புழுதான் நினைவுக்கு வரும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் புழு வாய்ப்பக்கத்திலிருந்து நூல் விடுகிறது. அதனிடம் இருப்பது ஒரே வகை நூல், அதன் பெரிய வேலையும் கூடு கட்டுவது ஒன்றுதான். சிலந்திக்கு நூல் வருவது வயிற்றின் பின்நுனியிலிருந்து. அங்கே சிறு விரல்கள் போலக் காம்புகள் இருக்கும், பெரும்பாலான சிலந்திகளுக்கு மூன்று ஜோடி. இவைதான் நூற்புறுப்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத குழாய் முனைகள் பல உண்டு. அவற்றுக்குப் பின்னால், வயிற்றுக்குள், பட்டுச் சுரப்பிகள். வட்ட வலை கட்டும் பெண் சிலந்திக்கு ஏழு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன, ஏழும் ஏழு விதமான சரக்கைத் தருகின்றன. வலையின் சட்டத்துக்கு ஒன்று, பூச்சி மாட்டும் சுருளுக்கு ஒன்று, அந்தச் சுருளில் தடவும் பசைக்கு ஒன்று, நூலைச் சுவரிலோ இலையிலோ ஒட்டவைக்க ஒன்று, மாட்டிய இரையைச் சுற்ற ஒன்று, முட்டைப் பைக்கு ஒன்று, வலை கட்டும்போது தற்காலிகச் சாரம் போட ஒன்று.

சுரப்பிக்குள் அது நூலாக இருப்பதில்லை. தண்ணீரில் கரைந்த புரதமாக, தேன் பதத்தில் கெட்டியாக இருக்கிறது. அவ்வளவு செறிவான புரதக் கரைசல் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருப்பதே ஒரு வியப்பு. சட்ட நூலை எடுத்துக்கொள்வோம், அதைப் பற்றித்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். சுரப்பியிலிருந்து வெளியே போகும் குழாய் நேராகப் போகாமல், இரண்டு முறை மடங்கி, போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது. அந்த வழியில் புரதத்தைக் கரைசலாக வைத்திருந்த உப்புகள் மாறுகின்றன. தண்ணீரைக் குழாயின் சுவர் இழுத்துக்கொள்கிறது. கரைசலில் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, ஏறுகிறது. குறுகலான வழியில் இழுபடும்போது, தாறுமாறாகச் சுருண்டு கிடந்த புரத இழைகள் ஒரே திசையில் நீண்டு வரிசையாகின்றன. அப்படிப் பக்கம் பக்கமாக நின்ற இழைகளில் சில பகுதிகள் ஒன்றோடொன்று இறுகி நுண்ணிய படிகங்களாகின்றன. மற்ற பகுதிகள் தளர்வாகவே இருக்கின்றன. படிகம் உறுதியைத் தருகிறது, தளர்ந்த பகுதி நீளும் தன்மையைத் தருகிறது. ஒரே நூலில் இரண்டும் சேர்வதால்தான் எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட உறுதியாக இருந்தும், எஃகுக் கம்பி போல வெடுக்கென்று அறுந்துவிடாமல் நீண்டு கொடுக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டும். பசைக் குழாயைப் பிதுக்குவது போலச் சிலந்தி நூலைப் பிதுக்கித் தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூலை இழுக்க வேண்டும். ஒரு முனையை இலையில் ஒட்டிவிட்டு நடந்தால் நடையே இழுக்கிறது. கீழே தொங்கினால் உடல் எடை இழுக்கிறது. நின்ற இடத்திலேயே வேண்டுமென்றால் பின்காலால் இழுக்கிறது. திரவம் நூலாக மாறுவதற்கே அந்த இழுப்பு தேவை. இத்தனையும் சாதாரண வெயில், சாதாரணக் குளிரில், தண்ணீரைக் கரைப்பானாக வைத்தே நடந்துவிடுகிறது. வெளியே வந்த நூல் அப்புறம் மழையில் கரைவதும் இல்லை.

சரி, இப்போது உங்கள் மாந்தோப்புக்கு வருவோம்.

மரத்துக்கு மரம் நடுவே இருக்கும் வட்ட வலை, பறந்து போகும் பூச்சிக்கானது. அங்கே வலை கட்டும் சிலந்தி கண் பார்வையில் ரொம்ப மட்டம், தொடு உணர்வில்தான் கெட்டி. பறக்கும் பூச்சியைத் துரத்த அதனால் முடியாது. காற்று வழியில் ஒரு சல்லடையை விரித்துவிட்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியும். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் பொறுமையாக நின்றால் அது கட்டுவதைப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் ஒரு நூலைக் காற்றில் விடுகிறது. அது எதிர்க் கிளையில் சிக்கியதும் இழுத்துப் பார்த்து, பாலமாக்கிக்கொள்கிறது. அதன் நடுவிலிருந்து கீழே இறங்கி ஒரு கவட்டை போட்டு, பிறகு சட்டமும் நடுவிலிருந்து விரியும் ஆரங்களும். அடுத்து உள்ளிருந்து வெளியே அகலமான இடைவெளியில் ஒரு சாரச் சுருள். கடைசியாகத்தான் முக்கியமான வேலை. வெளியிலிருந்து உள்ளே வந்தபடி பசைச் சுருளை நெருக்கமாக இழைக்கிறது, சாரச் சுருளை வெட்டி எடுத்துக்கொண்டே வருகிறது. கட்டடம் முடிந்ததும் சாரம் பிரிக்கிற மாதிரிதான்.

ஆரமும் சுருளும் வேறு வேறு நூல் என்பதைக் கவனியுங்கள். வேகமாக வந்து மோதும் ஒரு தேனீயை, முழுக்க விறைப்பான வலை கட்டில் கயிறு போல எகிறித் தள்ளிவிடும். அதனால் வேலை இரண்டு நூலுக்கும் பிரிகிறது. ஆரங்கள் விறைப்பாக நின்று மோதலின் வேகத்தை உள்வாங்குகின்றன. சுருள் நூலோ தன் நீளத்தைப் போல மூன்று மடங்கு வரை நீண்டு கொடுத்து, பூச்சியோடு போய், திரும்ப வருகிறது. அதில் மணி மணியாக இருக்கும் பசைத் துளிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னை ஈரமாக வைத்துக்கொள்கிறது.

அங்கேதான் இந்த வலையின் பலவீனமும் இருக்கிறது. பசையில் தூசு படிந்தால் பிடிப்பு போய்விடும். ஆடிக் காற்றில் ஒரு சருகு வந்து விழுந்தாலே பாதி கிழிந்துவிடும். அதனால் பல வட்ட வலைச் சிலந்திகள் தினம் ஒரு வலை கட்டுகின்றன. தினமும் புரதத்தைச் செலவழித்தால் கட்டுப்படியாகுமா என்றால், பழைய வலையைத் தின்றுவிடுகின்றன. 1971-இல் டேவிட் பீக்கால் ஐரோப்பியத் தோட்டச் சிலந்திக்குக் கதிரியக்க அடையாளமிட்ட உணவைக் கொடுத்து, அந்த அடையாளம் வலையில் வருவதைப் பார்த்தார். சிலந்தி அந்த வலையைத் தின்றபின் கட்டிய அடுத்த வலையில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதே சரக்கு திரும்ப வந்திருந்தது, அதுவும் அரை மணி நேரத்துக்குள்ளேயே. ஆக, வட்ட வலை ஒரு நாள் முதலீடு. சாயங்காலம் போட்டு, காலையில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் பூச்சி வரவில்லையா, மறுநாள் வேறு கிளைக்குப் போய்விடலாம்.

இனி வரப்பு. உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் புனல் வலைதான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

மார்கழி மாதக் காலையில் எங்கள் பாலக்கோடு பக்கக் கொல்லையில் வரப்பு ஓரமாக நடந்தால், பனி படிந்து வெள்ளைத் துணி காயப்போட்டது போல டஜன் கணக்கில் இந்த வலைகள் தெரியும். வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். வலை போகவில்லை, பனித்துளிதான் போயிற்று. அதைக் கட்டுவது பெரும்பாலும் ஹிப்பாசா என்ற சிலந்தி. புல் நுனிகளில் கட்டிய ஒரு தட்டையான விரிப்பு, ஒரு பக்கம் குழிந்து குழாயாகி, புல் அடியிலோ மண் வெடிப்பிலோ இறங்கும். குழாயின் வாயில்தான் சிலந்தி இருக்கும். முன்கால்களை மட்டும் விரிப்பின்மேல் வைத்திருக்கும். குழாயின் மறுகோடி பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஆள் நடமாட்டம் கேட்டால் அந்தப் பின்வாசல் வழியாகப் போய்விடும்.

ஒரு புல்லை எடுத்து விரிப்பை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாது. இதில் பசையே கிடையாது. ஏராளமான மெல்லிய இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒழுங்கு இல்லாமல், போட்டுக்கொண்டே போன விரிப்பு இது. அதன் பின்பக்க நூற்புறுப்பு இரண்டும் வால் போல நீண்டிருக்கும். விரிப்பின்மேல் ஓடும்போது அவற்றை இரு பக்கமும் ஆட்டி அகலமாக இழைகளைப் பூசிக்கொண்டு போகும். சிலந்தியைப் பின்பக்கமிருந்து பார்த்தால் அந்த இரண்டு வால் காம்புகளே அடையாளம் சொல்லிவிடும்.

பசை இல்லாத வலையில் பூச்சி எப்படி மாட்டும்? மாட்டுவதில்லை, தடுமாறுகிறது. ஒரு சின்ன வெட்டுக்கிளி புல்லிலிருந்து தாவி விரிப்பில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான தரையை உதைத்தால்தான் அது மறுபடி எகிற முடியும். இங்கே உதைத்தால் விரிப்பு கீழே போகிறது, நகங்கள் இழைகளுக்குள் நுழைகின்றன, ஒரு காலை எடுத்தால் இன்னொன்று சிக்குகிறது. தாமதம் ஓரிரண்டு நொடிதான். ஆனால் முதல் உதையிலேயே அதிர்வு குழாய் வாய்க்குப் போய்விட்டது. சிலந்தியின் கால் ஓட்டில் நுண்ணிய கீறல்கள் போன்ற உணர் உறுப்புகள் உண்டு, அவை அந்த அதிர்வின் திசையையும் உணரும். சிலந்தி வெளியே பாய்ந்து, தடுக்காமல் விரிப்பின்மேல் ஓடி, கடித்து, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். தன் வலையில் அதற்குத் தெரு மாதிரி நடக்க வருகிறது, பூச்சிக்கு அது சேற்று வயல்.

அதே வெட்டுக்கிளி வட்ட வலையில் விழுந்திருந்தால் பசை அதைச் சில நிமிடமாவது வைத்திருக்கும். சிலந்தி நிதானமாக வந்து, நூலால் சுற்றி, அப்புறம் கடிக்கலாம். புனல் வலையில் அந்த அவகாசம் இல்லை. அதனால்தான் இது வேகமான சிலந்திகளின் வலை. மந்தமான சிலந்தி இதைக் கட்டினால் பட்டினிதான். பெரிய வெட்டுக்கிளியாக இருந்தால் வேகமான சிலந்தியிடமிருந்தும் தப்பிவிடும், இரண்டு உதையில் விரிப்பைக் கிழித்துக்கொண்டு போய்விடும். விரிப்பின் நடுவே பெரிய ஓட்டையும், குழாய் வாயில் காத்திருக்கும் சிலந்தியும் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பசை இல்லாததில் ஒரு லாபமும் இருக்கிறது. தூசு விழுந்தாலும், ஈரம் காய்ந்தாலும் இந்த வலைக்குப் பெரிய நஷ்டமில்லை. நம் கொல்லைகளில் சித்திரை, வைகாசியில் காற்று எவ்வளவு வறண்டு கிடக்கும், உங்களுக்கே தெரியும். விரிப்பைத் தினம் கட்டவும் வேண்டாம், ஒவ்வொரு ராத்திரியும் மேலே கொஞ்சம் இழை சேர்த்தால் போதும், வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் இதை ஒரே மூச்சில் தின்றுவிட்டு வேறு இடம் போக முடியாது. விட்டுவிட்டுப் போனால் போட்ட முதல் போனதுதான். அதனால் ஹிப்பாசா இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உழவு படாத வரப்பு, தாழ்ந்த புல், தத்தும் ஊரும் பூச்சிகள் நடமாட்டம், கீழே பதுங்க வெடிப்பு. வரப்பில் புல் செதுக்கினால் மறுநாள் விரிப்பு ஒன்றும் இருக்காது. கனமழையிலும் தண்ணீர் தேங்கித் தொய்ந்து கிழிந்துவிடும்.

இணையத்தில் தேடினால் 'புனல் வலைச் சிலந்தி ஆளைக் கொல்லும்' என்று வரும், அதைப் படித்துவிட்டுப் பயந்து கேட்பவர்கள் உண்டு. அது ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சுற்றி வாழும் அட்ராக்ஸ் என்ற வேறு சிலந்தி. அதன் கடிக்கு அங்கே 1981 முதல் நச்சுமுறி மருந்து இருக்கிறது. நம் வரப்பில் இருப்பதற்கும் அதற்கும் வலையின் வடிவம் மட்டுமே கொஞ்சம் ஒன்று, இனம் வெகு தூரம். எந்தச் சிலந்தியையும் கையில் எடுத்து நசுக்காமல் இருந்தால் போதும்.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். ஹிப்பாசா எந்தக் குடும்பம் தெரியுமா? ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை பூச்சி பிடிக்க வலையே கட்டாமல், தரையில் ஓடி வேட்டையாடுகிறவை. கிருஷ்ணகிரி அணைப் பாசன நெல் வயலில் தண்ணீர்மேல் ஓடிப் புகையானைத் தின்கிற பார்டோசாவும் இதே குடும்பம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தம் தெரியும். முகத்தில் கீழே நான்கு சின்னக் கண்கள், மேலே இரண்டு பெரிய கண்கள், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. இரண்டிலும் தாய் முட்டைப் பையை நூற்புறுப்பில் ஒட்டிக்கொண்டு தூக்கித் திரியும், குஞ்சுகள் பொரித்ததும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். வலைக்காரியும் வலை இல்லாதவளும் ஒரே வம்சம். வலை என்பது சாதி அடையாளம் மாதிரி பிறப்போடு ஒட்டியது இல்லை, இரை எப்படி வருகிறது, இடம் எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதைப் பொறுத்த பிழைப்பு.

பார்டோசாவுக்கு ஏன் வலை வேண்டாம் என்பது நெல் வயலைப் பார்த்தாலே விளங்கும். நாற்று விட்டு, நட்டு, தண்ணீர் கட்டி, வடித்து, அறுத்து என்று சில மாதத்துக்குள் எல்லாம் மாறிவிடும் இடம் அது. அங்கே வாரக்கணக்கில் விரிப்பு நிற்காது. இரையான புகையான், தத்துப்பூச்சி எல்லாம் தண்டடியில் கூட்டமாக இருக்கும், அவை தானாக வந்து விழும் வரை காத்திருப்பதைவிட இருக்குமிடம் போய்ப் பிடிப்பது மேல். கண்ட கண்ட பூச்சிமருந்தை அடித்தால் இந்தச் சிலந்திகள் முதலில் சாகும், புகையான் பின்னால் பெருகும் என்று நெல் விவசாயிகளுக்குச் சொல்வது இதனால்தான்.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது குதிக்கும் சிலந்தி, அது வேறு குடும்பம். சிலந்திகளிலேயே பார்வையில் இதை மிஞ்ச ஆள் இல்லை. முன்னால் தெரியும் இரண்டு பெரிய கண்களுக்குப் பின்னால் நீண்ட குழாய் இருக்கிறது, அதன் அடியில் இருக்கும் விழித்திரையை அசைத்து அசைத்து உங்களையே உற்றுப் பார்க்கும். விரலை நீட்டினால் அது திரும்பிப் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அது ஈயைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, பூனை போலப் பதுங்கி, தாவுகிறது. பின்கால்களுக்குள் ரத்தத்தை அழுத்தித் தள்ளி விறைக்கவைத்துத்தான் தாவுகிறது. கண்ணை நம்பிய பிழைப்பு என்பதால் வெளிச்சம் வேண்டும், இருட்டில் அதற்கு வேலை இல்லை.

ஆனால் 'வலையே இல்லை' என்பதை 'நூலே இல்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூல் இல்லாத சிலந்தி கிடையாது. குதிக்கும் சிலந்தி தாவும் முன் வயிற்று நுனியைச் சுவரில் ஒரு தொடு தொடும், கவனித்தால் தெரியும். அங்கே ஒட்டு நூலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பின்னால் ஒரு காப்பு நூலை விட்டுக்கொண்டே பாய்கிறது. தவறி விழுந்தால் அந்தரத்தில் தொங்கி, நூலைப் பிடித்து ஏறி வந்துவிடும். அந்த நூலே பாய்ச்சலின்போது உடம்பு தலைகீழாகச் சுழலாமலும் பிடித்துக்கொள்கிறது. ராத்திரி தூங்க, ஜன்னல் மூலையில் வெள்ளையாக ஒரு சின்னப் பை கட்டியிருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். பார்டோசாவும் அப்படித்தான், காப்பு நூலும் முட்டைப் பையும் இல்லாமல் அதற்கும் முடியாது. வலைக்குப் போக வேண்டிய புரதம் அங்கே காலுக்கும் கண்ணுக்கும் போயிருக்கிறது.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் வரப்புக்குப் போங்கள். பனி இல்லாத நாளில், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைத் தெளிப்பானால் மெல்லிய தூவலாக அடித்தால் விரிப்பு தெரியும், அதிகம் அடித்தால் தொய்ந்துவிடும். ஒரு கறையான் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, உங்கள் நிழல் விரிப்பின்மேல் விழாமல் இரண்டு அடி தள்ளி உட்காருங்கள். நீங்கள் நடந்து வந்த அதிர்வு அடங்க ஐந்து நிமிடமாவது ஆகும். அதன் பிறகு கறையானை விரிப்பின் ஓரத்தில் போடுங்கள், அதற்கு முன் போட்டால் சிலந்தி வெளியே வராது.

அப்படி உட்கார்ந்திருக்கும்போது, ஹிப்பாசா போலவே இருந்தும் எந்த வலையிலும் இல்லாமல் வரப்பில் அலைகிற ஒன்றைப் பார்க்கலாம். அதன் வாய்க்கு இரு பக்கமும் இருக்கும் குட்டிக் கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலப் பருத்திருந்தால், அது வயதுக்கு வந்த ஆண். குஞ்சிலிருந்து புனல் வலையிலேயே வாழ்ந்த அது, இப்போது பெண்ணைத் தேடிப் போக வேண்டியிருப்பதால் தன் விரிப்பை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறது. அது கட்டிய விரிப்பும் பக்கத்தில் எங்காவது ஆள் இல்லாமல் கிடக்கும்.